குழந்தையின் பாஸ்போர்ட்டுக்குப் பள்ளியில் கடிதம் வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

"மகள் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். சென்னையில் வாடகை வீட்டில் இருக்கிறோம், ஆதாரில் திருநெல்வேலி முகவரிதான் இருக்கிறது. பாஸ்போர்ட்டுக்கு முகவரிச் சான்றாகவும் அடையாளச் சான்றாகவும் பள்ளியில் ஒரு கடிதம் கேட்கலாமா? எப்படிக் கேட்பது?"

கேட்கலாம். அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றின் அலுவலகத்தில் இந்தக் கடிதங்களை எழுதித் தருவதுதான் என் வேலை. எங்களிடம் இதற்குப் போனஃபைட் சான்றிதழ் என்று பெயர். ஆனால் முகவரிக்கு இந்த ஒரு தாளை மட்டும் நம்பிச் செல்லாதீர்கள். பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்குப் பெற்றோர் பெயரில் உள்ள முகவரிச் சான்றே போதும். உங்களில் ஒருவருடைய புகைப்படம் ஒட்டிய, நடப்பில் உள்ள வங்கிக் கணக்குப் புத்தகத்திலோ எரிவாயு இணைப்பு ஆவணத்திலோ சென்னை முகவரி இருந்தால் அதையே முதலில் வையுங்கள். வாடகை ஒப்பந்தம் என்றால் பதிவு செய்யப்பட்டதாக இருக்க வேண்டும். முத்திரைத்தாளில் கையெழுத்திட்டு வைத்திருக்கும் பதினொரு மாத ஒப்பந்தம் அங்கே உதவாது. பள்ளிக் கடிதம் இவற்றுக்குத் துணையாக, குழந்தை யார், எங்கே படிக்கிறாள் என்பதைக் காட்டும். இரு பெற்றோரும் கையெழுத்திட வேண்டிய அனெக்சர் டி படிவமும் பிறப்புச் சான்றிதழும் தனி.

இனி கடிதத்துக்கு வருகிறேன். பலர் வந்து, "இந்த முகவரியில்தான் இருக்கிறோம், அப்படியே எழுதிக் கொடுங்கள்" என்கிறார்கள். தலைமையாசிரியரால் அப்படி எழுத முடியாது. உங்கள் வீட்டை அவர் பார்த்ததில்லை. பள்ளிப் பதிவேட்டில் என்ன முகவரி இருக்கிறதோ அதைத்தான் "எங்கள் பதிவேட்டின்படி" என்று சான்றளிப்பார். சேர்க்கையின்போது பழைய வீட்டு முகவரி கொடுத்திருந்தால் கடிதத்திலும் அதுதான் வரும். எனவே முதலில் முகவரி மாற்றக் கோரி ஒரு விண்ணப்பம் எழுதி, பெற்றோரின் முகவரிச் சான்று நகலை இணைத்துக் கொடுங்கள். பதிவேட்டிலும், பள்ளிக்கல்வித் துறையின் மாணவர் விவரங்கள் உள்ள எமிஸ் தளத்திலும் மாற்றிய பிறகு கடிதம் கேளுங்கள். நான் பார்த்தவரை, இந்த வரிசையில் வருபவர்களுக்குத் தாமதமே இல்லை.

முகவரியைவிட அதிகம் சிக்கல் தருவது பெயர். எங்கள் பதிவேட்டில் 'எஸ். மதுமிதா' என்று இருக்கும். பாஸ்போர்ட் விண்ணப்பத்திலோ முன்னெழுத்தை விரித்து எழுத வேண்டும். பெரும்பாலும் தந்தை பெயரான செந்தில்குமாரைக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் நிரப்புவீர்கள். அப்போது கடிதத்தில் எஸ். மதுமிதா என்று மட்டும் இருந்தால், அந்த 'எஸ்' யார் என்று அதிகாரி கேட்பது நியாயமே. தந்தை, தாய் இருவர் பெயரையும் முழுமையாக எழுதித் தரச் சொல்லுங்கள். ஆங்கில எழுத்துகளையும் பாருங்கள். பிறப்புச் சான்றிதழில் செந்தில்குமார் ஒரே சொல்லாகவும் பள்ளியில் செந்தில், குமார் என்று இரண்டு சொல்லாகவும் இருப்பது அடிக்கடி நடக்கிறது. பிறப்புச் சான்றிதழைக் காட்டி அதைப் பள்ளியிலேயே திருத்திக்கொள்ளுங்கள். பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் அச்சாகிவிட்டால் பிறகு திருத்துவது பெரும்பாடு.

விண்ணப்பத்தைத் தலைமையாசிரியர் பெயருக்கு ஒரே பக்கத்தில் எழுதுங்கள். மாணவியின் பெயர், வகுப்பு, பிரிவு, சேர்க்கை எண், என்ன தேவைக்காக என்பது போதும். அண்மையில் எடுத்த புகைப்படமும் பிறப்புச் சான்றிதழ் நகலும் சேர்த்துக் கொடுங்கள். கடிதம் பள்ளியின் பெயர் அச்சிட்ட தாளில், ஆங்கிலத்தில் இருக்கட்டும். அதில் பிறந்த தேதி, எந்தக் கல்வியாண்டில் எந்த வகுப்பு, வீட்டு முகவரி, பாஸ்போர்ட் விண்ணப்பத்துக்காக வழங்கப்படுகிறது என்ற வரி, தேதி, பள்ளித் தொலைபேசி எண், தலைமையாசிரியரின் கையெழுத்து, முத்திரை எல்லாம் வர வேண்டும். புகைப்படத்தை ஒட்டியபின் முத்திரையின் பாதி படத்தின் மேலும் பாதி தாளின் மேலும் விழ வேண்டும். அவசரத்தில் சில அலுவலகங்களில் படத்துக்கு மேல் முத்திரை வைக்காமலே கொடுத்துவிடுவார்கள், அங்கேயே நின்று பாருங்கள்.

சேவை மையத்தில் நேரம் பதிவு செய்த பிறகு கடிதம் வாங்கினால் தேதி புதிதாக இருக்கும். மூலத்தோடு உங்கள் கையெழுத்திட்ட நகலும் எடுத்துச் செல்லுங்கள். அதற்கு முன் பாஸ்போர்ட் சேவா தளத்தில் உள்ள ஆவண ஆலோசகர் பக்கத்தில் உங்கள் விவரங்களைத் தேர்ந்தெடுத்து, இன்றைய பட்டியலை ஒருமுறை சரிபாருங்கள்.

நேரம் இருந்தால் ஆதாரையே சரிசெய்வது இன்னும் உறுதி. உங்கள் ஆதாரில் முதலில் சென்னை முகவரியை மாற்றுங்கள். பிறகு குடும்பத் தலைவர் ஒப்புதல் என்ற வழியில் மகளின் ஆதார் முகவரியை ஆன்லைனிலேயே மாற்றிவிடலாம். அதற்கு அவள் பெயரில் தனி முகவரிச் சான்று தேவையில்லை, உங்கள் உறவைக் காட்டும் ஆவணமாகப் பிறப்புச் சான்றிதழ் போதும்.