காலை 8.30 தொகுப்பு: கேள்வி பதில்

இனிமேல் சர்வர் எச்சரிக்கைகள் தனித்தனி மெயிலாக வராது, தினமும் காலை 8.30-க்கு ஒரே தொகுப்பாக வரும் என்று குழுவுக்கு எழுதியிருந்தேன். காரைக்குடி ஆபீசிலிருந்தும் வாடிக்கையாளர்களிடமிருந்தும் வந்த கேள்விகளும் என் பதில்களும் கீழே.

அண்ணே, ராத்திரி சர்வர் படுத்துட்டா காலையிலதான் தெரியுமா? (புதிதாகச் சேர்ந்தவர்)

இல்லை தம்பி. யாராவது உடனே எழுந்து கை வைக்க வேண்டிய விஷயம் எதுவும் தொகுப்புக்குள் போகாது. கானாடுகாத்தான் ஹோட்டலின் புக்கிங் தளம் திறக்கவில்லை என்றால், அன்றைக்கு யார் முறையோ அவர் போன் அடிக்கும். அதில் மாற்றமே இல்லை. காலை வரை விட்டாலும் ஒன்றும் கெடாது என்பவை மட்டும்தான் தொகுப்புக்கு. டிஸ்க் 80 சதவீதம் தாண்டினால் தொகுப்பில் ஒரு வரி. 95 தாண்டினால் போன்.

மெயில்ல ஒரு ஃபில்டர் போட்டு தனி ஃபோல்டர்ல தள்ளினா போதாதா சார்? (டெஸ்டிங்)

பாதி சரி. இன்பாக்ஸ் சுத்தமாகும், ஆனால் அந்த ஃபோல்டரை யார் திறக்கிறார்கள்? 80-ஐ ஒட்டி நிற்கும் ஒரு டிஸ்கை எடுத்துக்கொள்ளுங்கள். லாக் வளர்ந்தால் எல்லையைத் தாண்டும், பழைய லாக் சுருக்கப்பட்டதும் இறங்கும். ஏறினால் ஒரு மெயில், இறங்கினால் ‘சரியாகிவிட்டது’ என்று இன்னொன்று. ஒரே சங்கதியை ஒரு டஜன் மெயில் சொல்லும்போது நடுவில் வந்த முக்கியமான ஒன்று கண்ணில் படாது. தொகுப்பில் அதுவே ஒரு வரி: இத்தனை தடவை தாண்டியது, உச்சம் இவ்வளவு, இப்போது மீதி இடம் இவ்வளவு.

பேக்கப் தோத்தாத்தானே மெயில் வரும். வராத வரைக்கும் நல்லதுதானே? (சப்போர்ட்)

இதற்காகத்தான் இந்த மாற்றமே. தோல்வி மெயிலை அனுப்புவது பேக்கப் ஸ்கிரிப்ட்தான். கடையைப் பூட்டும்போது மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் போனால் ஸ்கிரிப்ட் ஓடாது, மெயிலும் வராது. நாமோ எல்லாம் நன்றாக இருப்பதாக நினைத்துக்கொண்டிருப்போம். நடக்காமல் போனதைத் தனி மெயிலால் சொல்லவே முடியாது.

இப்போது ஒவ்வொரு பேக்கப்பும் முடிந்ததும், முடிந்த நேரத்தையும் கோப்பின் அளவையும் பொது அட்டவணையில் எழுதும். வர வேண்டியவற்றின் பட்டியல் தொகுப்பிடம் இருக்கிறது. ‘எதிர்பார்த்தது 12, வந்தது 11’ என்று அதுவே கணக்குச் சொல்லிவிடும்.

அளவை ஏன் எழுதச் சொன்னேன் என்பதற்கு ஒரு உதாரணம். ஒரு துணிக்கடையின் பில்லிங் பேக்கப் இப்படி ஓடுகிறது என்று வையுங்கள்:

```
mysqldump billing | gzip > billing.sql.gz
```

பாஸ்வேர்டை யாரோ மாற்றிவிட்டார்கள். இடதுபக்கக் கட்டளை தோற்றுவிடும். ஆனால் ஷெல் பார்ப்பது கடைசிக் கட்டளையின் முடிவைத்தான். gzip தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்தது, ஒன்றுமில்லாததைச் சுருக்கியது. ஆகவே ‘வெற்றி’. கோப்பைப் பார்த்தால் வெறும் 20 பைட். bash ஸ்கிரிப்டின் மேலே `set -o pipefail` சேர்த்தால் இந்தத் தோல்வி பிடிபடும். அப்படியும் தொகுப்பில் நேற்றைய அளவு, இன்றைய அளவு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டிருக்கிறேன். பாதிக்குக் கீழே இறங்கினால் அந்த வரி மேலே வந்துவிடும்.

எங்க கடைக்கு வர்ற பில் மெயிலும் இனிமே தினம் ஒண்ணுதானா தம்பி? ஆடிட்டர் தனித்தனியா கேக்குறாரு. (தேவகோட்டை, கணக்குப் பிரிவு)

இல்லை அண்ணாச்சி, அது வேறு. உங்கள் பில்கள் எப்போதும்போல் தனித்தனியாகவே வரும். இது நாங்கள் உள்ளே பார்த்துக்கொள்ளும் மெயில்.

தொகுப்பு அனுப்புற மெஷினே நின்னுட்டா? அன்னைக்கு ஒண்ணும் வராது, நாமளும் பிரச்சினை இல்லைன்னு இருந்துடுவோமே. (இரவு ஷிப்ட்)

அனுபவம் பேசுகிறது. அதனால்தான் ஒன்றுமே நடக்காத நாளிலும் தொகுப்பு வரும், ‘12-க்கு 12’ என்று. அனுப்பி முடித்ததும் வெளியே இருக்கும் இன்னொரு மெஷினுக்கு ஒரு சமிக்ஞை போகும். 8.45-க்குள் அது போகவில்லை என்றால் அந்த மெஷின் என் போனை அடிக்கும். அதை நம் ஆபீசில் வைக்கவில்லை. இங்கே கரண்ட் போய் யூபிஎஸ்ஸும் இறங்கிவிட்டால் இரண்டும் சேர்ந்தே படுத்துவிடும்.

அண்ணே, நாங்க 7 மணிக்கே கிளம்பிடுறோம். 8.30 மெயில யார்கிட்ட காட்டுறது? (மறுபடியும் இரவு ஷிப்ட்)

நியாயம்தான். 6.30-க்கு அனுப்பினால் நீங்களே பார்த்துக் காலை ஆட்களிடம் ஒப்படைக்கலாம். ஆனால் தேவகோட்டைப் பேக்கப் முடியவே 7 மணியை ஒட்டி ஆகிறது. தினமும் ‘வரவில்லை’ என்று பொய்யாக ஒரு வரி நிற்கும். ஒரு வாரத்தில் அந்த வரியை யாரும் படிக்கமாட்டார்கள். அந்தப் பேக்கப்பை முன்னதாகத் தொடங்கலாம் என்றால், ராத்திரி கடைக்காரர் பில் போட்டு முடிக்கும் நேரம் ஒரு நாளைப் போல் இன்னொரு நாள் இல்லை. அவரிடம் பேசிவிட்டுச் சொல்கிறேன். அதுவரை 8.30-தான்.