மீன் வறுத்த வாடை புதன்கிழமை வரை நிற்கிறதா?

"ஒன்பதுக்கு ஆறடி சமையலறை. ஞாயிற்றுக்கிழமை வஞ்சிரம் வறுத்தால் புதன்கிழமை வரை வாடை போவதில்லை. எலுமிச்சை தேய்த்தேன், சாம்பிராணி போட்டேன், திரைச்சீலையை இரண்டு முறை மெஷினில் போட்டேன். அந்தக் கல்லில் தோசை ஊற்றினால் தோசையிலும் மீன் வாடை. என்ன செய்யட்டும்?"
– வாசகி, தாம்பரம்

எலுமிச்சை தேய்த்தது சரிதான் சகோதரி. ஆனால் அதற்கு முன்னால் செய்ய வேண்டிய ஒரு வேலை விட்டுப்போயிருக்கிறது.

பச்சை மீனின் கவுச்சி புளிப்புக்கு அடங்கும். அதனால்தான் மீன் கழுவிய கையில் புளியோ எலுமிச்சையோ தேய்க்கிறோம். வறுக்கும்போது கதை வேறு. எண்ணெய் கண்ணுக்குத் தெரியாத துளிகளாகப் புகையோடு மேலே போய், மீன் வாடையையும் மசாலா நெடியையும் சுமந்துகொண்டு சுவர், அலமாரி, திரைச்சீலை என்று எல்லாவற்றிலும் மெல்லிய படலமாகப் படிந்துவிடுகிறது. எலுமிச்சைச் சாறு அந்தப் படலத்தைத் தாண்டி உள்ளே போவதில்லை. போதாததற்கு, காற்றுபட்டு அந்த எண்ணெயும் சிக்கு வாடை அடிக்கத் தொடங்கும். ஆகவே முதலில் பிசுக்கு போக வேண்டும், அதற்கு அப்புறம்தான் புளிப்பு.

ஒரு வெள்ளை டிஷ்யூ பேப்பரை எடுத்து ஃபிரிட்ஜின் மேல் பக்கத்தைத் துடைத்துப் பாருங்கள். மஞ்சளாக, விரலில் ஒட்டுகிற மாதிரி வந்தால் வாடை அங்கேதான் இருக்கிறது. என் வீட்டில் அடுப்பைப் பளபளவென்று துடைத்துவிட்டு, அதற்கு நேர் மேலே இருந்த மசாலா டப்பாக்களின் மூடிகளை மாதக்கணக்கில் விட்டிருந்தேன். அவற்றை வெந்நீரில் கழுவிய அன்றுதான் வித்தியாசம் தெரிந்தது. பாத்திரம் கழுவும் திரவத்தை வெதுவெதுப்பான நீரில் கலந்து, அடுப்புக்கு மேலே உள்ள டைல்ஸ், அலமாரிக் கதவுகள், டப்பா மூடிகள் எல்லாவற்றையும் துடையுங்கள். எக்ஸாஸ்ட் ஃபேனின் இறக்கைகளையும் மறக்க வேண்டாம்; ஸ்விட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் துடைக்க வேண்டும்.

திரைச்சீலை மெஷினில் ஏன் சுத்தமாகவில்லை? பச்சைத் தண்ணீரில் எண்ணெய் எளிதில் விடுவதில்லை. பாலியஸ்டர் துணி என்றால் இன்னும் பிடிவாதம், அது எண்ணெயை இறுகப் பிடித்துக்கொள்ளும். ஒரு பக்கெட் வெதுவெதுப்பான நீரில் இரண்டு மேசைக்கரண்டி வாஷிங் சோடாவையும் வழக்கமான துணிப் பவுடரையும் கரைத்து, அதில் முக்கால் மணி நேரம் ஊறவையுங்கள். தண்ணீர் கலங்கி மஞ்சளாவதைப் பார்ப்பீர்கள். சாயம் போகுமா என்று ஒரு ஓரத்தை மட்டும் முதலில் நனைத்துப் பார்ப்பது நல்லது. பட்டுத் துணிக்கு இந்த முறை கூடாது. நன்றாகத் துவைத்து அலசிய பிறகு, கடைசியாக ஒரு பக்கெட் தண்ணீரில் அரை டம்ளர் வெள்ளை வினிகர் விட்டு முக்கி எடுத்து வெயிலில் போடுங்கள். சோடாவையும் வினிகரையும் ஒன்றாகக் கலந்தால் பொங்கும், அவ்வளவுதான். ஒன்றின் வேலையை இன்னொன்று கெடுத்துவிடும். பிளீச்சிங் பவுடரோடு மட்டும் வினிகரையோ வேறு எந்தப் புளிப்பையோ சேர்த்துவிடாதீர்கள், அதிலிருந்து வருவது விஷவாயு. காய்ந்த துணியில் வாடை மிச்சம் இருந்தால் இஸ்திரி போடாமல் இன்னொரு முறை ஊறவையுங்கள். சூடு பட்டால் மிச்ச எண்ணெய் துணியிலேயே இறுகிவிடும்.

தோசைக்கல்லுக்கு வருவோம். உங்களுடையது இரும்புக்கல் என்று வைத்துக்கொள்கிறேன். அதைப் புளியில் ஊறப்போட்டால் பழகிய கருமை போய்த் துருப்பிடிக்கும். கல் இளஞ்சூடாக இருக்கும்போதே எண்ணெயைப் பழைய துணியால் வழித்தெடுத்து, கல்லுப்பு போட்டுத் தேங்காய் நாரால் தேய்த்து, ஒட்டியிருக்கும் மசாலாவை எடுங்கள். பிறகு கொஞ்சம் சோப்பு, வெந்நீர். அடுப்பில் வைத்து ஈரம் வற்ற, லேசாகப் புகை வரும்வரை காயவிட்டு, ஒரு சொட்டு நல்லெண்ணெய் தடவி வையுங்கள். அதற்கு அப்புறமும் தோசையில் வாடை வந்தால், மீனுக்கென்று தனியாக ஒரு கல் வைத்துக்கொள்வதே நல்லது.

எவர்சில்வர் பாத்திரங்களைச் சோப்பு போட்டுக் கழுவிய பிறகு, குழம்புக்குக் கரைத்த புளிச்சக்கையால் தேய்த்து அலசினால் போதும். அலுமினியச் சட்டியில் வாஷிங் சோடா படக்கூடாது, கறுத்துவிடும். மிக்ஸி மூடியில் உள்ள ரப்பர் வளையத்தைக் கழற்றி முகர்ந்து பாருங்கள். மசாலா நெடி பல வீடுகளில் அங்கேதான் ஒளிந்திருக்கிறது. கழுவி வெயிலில் வைத்தும் போகவில்லை என்றால், ரப்பரே உறிஞ்சிக்கொண்டது என்று அர்த்தம். வளையத்தை மாற்றிவிடுங்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வறுக்கும் முன் திரைச்சீலையைக் கழற்றி, வேறு அறையில் வைத்துக் கதவைச் சாத்திவிடுங்கள். அடுப்புக்கு எதிர்ப்பக்கத்தில் ஒரு ஜன்னல் திறந்திருக்கட்டும். உள்ளே காற்று வர வழி இல்லாவிட்டால் எக்ஸாஸ்ட் ஃபேன் புகையை வெளியே தள்ள முடியாது. அடுப்பை அணைத்த பிறகும் ஒரு கால் மணி நேரம் ஃபேன் ஓடட்டும்.