200 கிராம் பியூரி பாக்கெட்டுக்கு எத்தனை தக்காளி? நுவரெலியாவுக்குப் புதிதாக வந்தவருக்கு ஒரு பதில்

"அக்கா, சென்னையிலிருந்து நுவரெலியாவுக்கு வந்து ஒரு மாதம்தான் ஆகிறது. அங்கே ஒரு கிலோ கோழிக்கு 200 கிராம் தக்காளி பியூரி பாக்கெட் ஒன்றை ஊற்றி, ஒரு கப் தண்ணீர் விட்டு கிரேவி வைப்பேன். இங்கே பக்கத்துக் கடைகளில் அந்த பாக்கெட் கிடைக்கவில்லை. லண்டன் நாத்தனார் அனுப்பும் குறிப்புகளில் 400 கிராம் டின் தக்காளி என்று வருகிறது. இவற்றுக்குப் பதில் எத்தனை தக்காளி போடுவது? மூன்று போட்டால் கிரேவி வெளிறிப்போய்த் தண்ணீராக நிற்கிறது."

தங்கச்சி, பாக்கெட்டுக்குப் பதிலாக அரை கிலோ தக்காளி எடுத்துக்கொள்ளுங்கள். நடுத்தர அளவில் ஐந்து அல்லது ஆறு நிற்கும். அதை அரைத்து, பாதிக்கும் சற்றுக் கீழே வரும்வரை வற்ற விட வேண்டும். 400 கிராம் டின்னுக்கும் ஏறக்குறைய அதே அரை கிலோதான், ஆனால் வற்ற விடத் தேவையில்லை. 200-க்கும் 400-க்கும் எப்படி ஒரே அளவு தக்காளி என்று கேட்பீர்கள். வித்தியாசம் முழுக்கத் தண்ணீரில் இருக்கிறது.

பழுத்த தக்காளியில் நூறு பங்குக்கு 94, 95 பங்கு தண்ணீர். சதை, இனிப்பு, புளிப்பு, நிறம் எல்லாம் மிச்சமுள்ள ஐந்தாறு பங்கில் அடங்கிவிடும். பாக்கெட் பியூரி என்பது அந்தத் தண்ணீரில் பாதியைக் காய்ச்சி வெளியேற்றியது. இந்திய பாக்கெட்டில் நூற்றுக்கு 9, 10 பங்கு சரக்கு இருக்கும். அப்படியானால் 200 கிராம் பாக்கெட்டில் 20 கிராம் சரக்கு. அந்த 20 கிராமைப் பழுத்த தக்காளியிலிருந்து எடுக்க 400 கிராம் சதை வேண்டும். தோல், காம்புப் பகுதி, கெட்ட இடம் என்று போவதையும் சேர்த்தால் 450 முதல் 500 கிராம். நீங்கள் போட்ட மூன்று தக்காளியை 250 கிராம் என்று வைத்தால், சரக்கு 13 கிராம் போல்தான் உள்ளே போயிருக்கிறது. தண்ணீரோ பாக்கெட்டில் இருப்பதைவிட அதிகமாகப் போயிருக்கிறது. அதற்கு மேல் வழக்கம்போல ஒரு கப் தண்ணீரும் விட்டிருந்தால் கிரேவி நீர்த்துப்போனதில் ஆச்சரியமில்லை.

எண்ணிக்கையை மட்டும் நம்ப வேண்டாம். இங்கே சந்தையில் எலுமிச்சை அளவிலும் கிடைக்கும், உள்ளங்கை நிறைய வருவதும் கிடைக்கும். வாங்கும்போது கிலோவுக்கு எத்தனை நின்றது என்று பார்த்துக்கொண்டால் போதும். 10 முதல் 12 நின்றால் அதுதான் நான் சொல்லும் நடுத்தர அளவு.

இப்போது உங்கள் ஒரு கிலோ கோழிக்கே கணக்குப் பார்ப்போம். அரை கிலோ தக்காளியின் அடியில் கத்தியால் பெருக்கல் குறி மாதிரிக் கீறி, கொதிக்கும் நீரில் தோல் சுருளும்வரை விட்டு எடுங்கள். பச்சைத் தண்ணீரில் போட்டதும் தோல் கழன்று வரும். காம்புப் பகுதியை வெட்டி எறிந்தபின் 450 கிராம் அளவுக்குத் தேறும். பிளெண்டரில் அரைத்தால் இரண்டு கப்புக்குக் கொஞ்சம் குறைவாக வரும். அகலமான சட்டியில், மூடாமல், நடுத்தரத் தீயில் இருபது நிமிடம் போல் கிண்டினால் ஒரு கப்புக்குச் சற்றுக் கீழே இறங்கும். அதுதான் உங்கள் 200 கிராம் பாக்கெட். குழியான சட்டியில் வைத்தால் நேரம் இழுக்கும், அடியும் பிடிக்கும். அலுமினியச் சட்டி வேண்டாம். புளிப்பு பட்டு வெகுநேரம் கொதித்தால் உலோக வாடை ஏறும்.

தினமும் இப்படித் தனியாக வற்ற வைக்க முடியாது என்பதும் எனக்குத் தெரியும். அதற்கு ஒரு வழி அந்தக் கணக்கிலேயே இருக்கிறது. அரைத்த விழுது 450 கிராம், பாக்கெட் 200 கிராம். இரண்டுக்கும் உள்ள 250 கிராம் வித்தியாசம், நீங்கள் வழக்கமாக விடும் ஒரு கப் தண்ணீர்தான்! ஆகவே வெங்காயம், இஞ்சி பூண்டு வதங்கியதும் விழுது முழுவதையும் ஊற்றுங்கள். எண்ணெய் ஓரத்தில் பிரியும்வரை வற்ற விட்டு, மசாலாவும் கோழியும் போட்டபின் தேவைப்பட்டால் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் விடுங்கள். கோழியும் தன் பங்குக்கு நீர் விடும். அதனால் முதலிலேயே ஒரு கப்பை ஊற்றிவிடாதீர்கள்.

வெங்காயம் நன்றாகச் சிவந்த பிறகுதான் விழுதை ஊற்ற வேண்டும், அதில் மட்டும் அவசரம் வேண்டாம். ஊற்றியபின் வெங்காயம் சிவக்காது, அதன் சூடு கொதிநீர் அளவுக்கு இறங்கிவிடும். இங்கே பம்பாய் வெங்காயம் என்று விற்கும் பெரிய வெங்காயத்தில் நீர் கூடுதலாக இருந்தால் இன்னும் கொஞ்சம் பொறுக்க வேண்டியிருக்கும்.

நேரத்தைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,870 மீட்டர் உயரம். இங்கே தண்ணீர் 94 டிகிரி அளவிலேயே கொதித்துவிடும். கொதிக்கிறதே என்று நினைப்போம், ஆனால் சென்னையில் 100 டிகிரியில் நடக்கும் வேலை இங்கே மெதுவாகத்தான் நடக்கும். தோல் கழல ஒரு நிமிடம் கூடுதலாகப் பிடிக்கும், துண்டு போட்ட தக்காளி குழையவும் அதிக நேரம் வேண்டும். 500 மீட்டர் உயரத்தில் இருக்கும் கண்டியில் இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. பாக்கெட் பியூரி ஏற்கெனவே காய்ச்சியது என்பதால் நாலைந்து நிமிடத்தில் அதன் பச்சை வாசனை போய்விடும். காய்ச்சாத தக்காளிக்கு அந்த நிமிடக் கணக்கைப் பார்க்காதீர்கள். கண்ணையும் காதையும் வையுங்கள். முதலில் பொதபொதவென்று குமிழி வரும். தண்ணீர் போகப் போக அது சடசடவென்று மாறும். கரண்டியால் கீறினால் சட்டியின் அடி தெரிந்து, அந்தக் கோடு உடனே மூடாமல் நிற்கும். தண்ணீர் வற்றியபின் எண்ணெயின் சூடு 100-ஐத் தாண்டிப் போகும், அதற்கு மலையும் ஒன்றுதான் சமவெளியும் ஒன்றுதான். பச்சை வாசனை நன்றாகப் போவது அந்தக் கடைசி ஐந்து நிமிடத்தில்தான்.

அடுத்தது, கிரேவி வெளிறியது. அதற்குத் தண்ணீர் ஒரு காரணம், குளிர் இன்னொரு காரணம். இந்த ஊர்ச் சந்தைக்குத் தக்காளி பெரும்பாலும் வெலிமடை, பண்டாரவளைப் பக்கத்திலிருந்து வருகிறது. வழியில் நசுங்காமல் இருக்க அரைப்பழமாகப் பறித்துவிடுவார்கள். வீட்டில் வைத்துப் பழுக்க விடலாம் என்றால், நம் சமையலறை இரவில் 12, 13 டிகிரிக்குக் கீழே போய்விடுகிறது. அந்தக் குளிரில் சிவப்பு சரியாக ஏறாது, மணமும் வராது. நாலைந்து நாள் கழித்துத் தொட்டால் மெத்தென்று இருக்கும், வெட்டினால் உள்ளே ஆரஞ்சு நிறம். குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் இன்னும் மோசம். முடிந்தவரை நன்கு சிவந்ததையே பொறுக்கி வாங்குங்கள். அரைப்பழம்தான் கிடைத்ததென்றால் ஒரு பழுத்த வாழைப்பழத்தோடு காகிதப் பையில் சுற்றி, வீட்டில் எங்கே கதகதப்பு இருக்கிறதோ அங்கே வையுங்கள். மிளகாய்த்தூளை அதிகமாகப் போட்டு நிறம் கொண்டுவரப் பார்த்தால் காரம்தான் ஏறும்.

இங்கே வரும் தக்காளியில் பல நம் ஊர் பெங்களூர்த் தக்காளி மாதிரித் தடித்த சதை உள்ளவை. அரைக்க நல்லது, புளிப்பு குறைவு. டின் தக்காளியில் சிட்ரிக் அமிலமும் சேர்ப்பதுண்டு என்பதால், டின்னுக்கு எழுதிய குறிப்பை இந்தத் தக்காளியில் செய்தால் சுவை மந்தமாகத் தோன்றலாம். அடுப்பை அணைத்தபின் ருசி பார்த்து இங்கே தேசிக்காய் என்று சொல்லும் எலுமிச்சையில் அரை மூடி பிழிந்தால் சரியாகிவிடும். மழை நாட்களில் வரும் தக்காளி கூடுதலாக நீர்த்திருக்கும். அப்போது அரை கிலோவை 600 கிராமாக்கிக்கொள்ளுங்கள்.

நாத்தனாரின் டின் குறிப்புக்கு வருவோம். அந்த 400 கிராமில் பழமும் அதன் சாறும் சேர்ந்திருக்கிறது. தோல் உரித்த ஐந்து தக்காளியைக் கையால் மசித்து, சாற்றை ஒரு சொட்டும் விடாமல் ஊற்றினால் அளவு சரியாக வரும். டின்னில் துண்டுகள் கரையாமல் நிற்பதற்குக் கால்சியம் குளோரைடு சேர்ப்பார்கள். நம் தக்காளி கரைந்துதான் போகும். கிரேவிக்கு அதனால் ஒரு குறையும் இல்லை.

லண்டன் குறிப்பில் "பியூரி" என்று வந்தால் மட்டும் கவனம். அங்கே டியூபில் அந்தப் பெயரில் விற்பது பேஸ்ட். நம் பாக்கெட்டைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு கெட்டி. அதில் ஒரு மேசைக்கரண்டி ஒரு நடுத்தரத் தக்காளிக்குச் சமம். "இரண்டு மேசைக்கரண்டி பியூரி" என்று அவர் எழுதினால் இரண்டு தக்காளி என்று படியுங்கள். நம் ஊர்க் குறிப்பில் "ஒரு கப் பியூரி" என்று வந்தால், பாக்கெட்டைச் சொல்கிறார்களா, வீட்டில் பச்சையாக அரைத்ததைச் சொல்கிறார்களா என்று பார்க்க வேண்டும். பாக்கெட் என்றால் ஆறேழு தக்காளி, பச்சையாக அரைத்தது என்றால் மூன்று. பியூரிக்குப் பிறகு தண்ணீர் விடச் சொல்லி ஐந்து நிமிடத்தில் முடித்தால் அது பெரும்பாலும் பாக்கெட். எண்ணெய் பிரியும்வரை வதக்கச் சொன்னால் பச்சை விழுது.

மழையில் தக்காளி விலை ஏறும் வாரங்களில் பேஸ்ட் கைகொடுக்கும். பெரிய கடையில் கிடைத்தாலோ, நாத்தனார் அனுப்பினாலோ ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். மூன்று தக்காளியும் இரண்டு மேசைக்கரண்டி பேஸ்ட்டும் சேர்ந்தால் உங்கள் 200 கிராம் பாக்கெட்டின் சரக்கு வந்துவிடும். பேஸ்ட்டை எண்ணெயில் ஒரு நிமிடம் வதக்கிவிட்டு அதன்மேல் விழுதை ஊற்றுங்கள். மாறாக விலை இறங்கும்போது இரண்டு கிலோ வாங்கி மொத்தமாக வற்ற வைத்தால் நான்கு பாக்கெட் அளவுக்கு வரும். ஒவ்வொரு பங்கையும் தனிப் பையில் போட்டு ஃப்ரீசரில் வையுங்கள். போத்தலில் அடைத்து அலமாரியில் வைக்க வேண்டாம். அதற்குச் சேர்க்க வேண்டிய புளிப்பும், இந்த உயரத்துக்கேற்ற கொதிநேரமும் சரியாக இல்லாவிட்டால், மூடி உப்பாமல் வாடையும் மாறாமல் உள்ளே விஷம் உருவாகலாம்.