ரிப்பேர் செய்த லேப்டாப்பைக் கடைக்காரர் தர மறுத்தால்

"மகளின் லேப்டாப்பில் ஸ்கிரீன் போய்விட்டதால் ஒரு கடையில் கொடுத்தேன். 4,000 ரூபாய் ஆகும் என்று வாட்ஸ்அப்பில் சொன்னார். வேலை முடிந்ததும் போனால் 6,500 கேட்கிறார். என் கணவர் முன்பு வாங்கிய பிரிண்டரில் 1,500 பாக்கியாம், லேப்டாப்பை வைத்திருந்ததற்கு வாடகை 1,000 ரூபாயாம். மூன்று வாரமாகத் தரவில்லை. 'என்ன வேணா பண்ணிக்கோங்க' என்கிறார். திரும்ப வாங்க முடியுமா?" - செஞ்சி வாசகி

முடியும். ஆனால் முதலில் ஒன்றை ஏற்றுக்கொள்ளுங்கள்: அந்த 4,000 ரூபாய் கைக்கு வரும்வரை லேப்டாப்பைப் பிடித்து வைக்க அவருக்குச் சட்டப்படி உரிமை உண்டு. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 170 அதைத் தருகிறது. பட்டை தீட்டக் கொடுத்த வைரத்தைக் கூலி வாங்கும்வரை நகைக்காரர் வைத்துக்கொள்ளலாம் என்று அந்தப் பிரிவே உதாரணம் சொல்கிறது. தைத்து முடித்ததும் தருகிறேன், கூலியை மூன்று மாதம் கழித்து வாங்கிக்கொள்கிறேன் என்று ஒப்புக்கொண்ட தையல்காரருக்கு மட்டும் அந்த உரிமை கிடையாது.

இந்த உரிமை அந்தப் பொருளில் செய்த வேலையின் கூலிக்கு மட்டும்தான். பிரிண்டர் பாக்கி வேறு கணக்கு, அதுவும் உங்கள் கணவரின் கணக்கு. பழைய பாக்கிக்காக எந்தப் பொருளையும் பிடித்து வைக்கும் விரிந்த உரிமை வங்கி போன்ற சிலருக்கே உண்டு (பிரிவு 171). ரிப்பேர் கடைக்கு அது வேண்டுமென்றால் நீங்கள் முன்பே ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். தன் பணத்துக்காக அவரே பிடித்து வைத்துவிட்டு, வைத்திருந்ததற்கு வாடகை கேட்பதும் செல்லாது.

ஆகவே அவருடைய பிடியைத் தளர்த்துவது அந்த 4,000 ரூபாய்தான். அதைத் தரத் தயார் என்பதை எழுத்தில் சொல்லுங்கள். கடிதத்தில் லேப்டாப்பின் மாடல், சீரியல் எண் (வாங்கிய பெட்டியில் இருக்கும்), கொடுத்த தேதி, அவர் சொன்ன தொகை எல்லாம் வரட்டும். "4,000 ரூபாயைப் பெற்றுக்கொண்டு ஏழு நாளில் லேப்டாப்பைத் தரவும்" என்று கேளுங்கள். ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி, பட்டுவாடா ஆனதற்கான சான்றை எடுத்து வையுங்கள். அப்புறம் ஒரு சாட்சியோடு பணத்தை எடுத்துக்கொண்டு நேரில் போங்கள். அதற்கும் மறுத்தால், அன்றிலிருந்து அவர் வைத்திருப்பது தவறு. அதன்பின் கடையில் திருட்டு போனாலும் தீப்பிடித்தாலும் நட்டம் அவருடையது. "என் கவனக்குறைவு இல்லை" என்ற பதில் எடுபடாது (பிரிவு 161).

மகளுக்குப் பரீட்சை நெருங்குகிறது, புராஜெக்ட் உள்ளே இருக்கிறது என்றால், நான் சொல்வது வேறு. 6,500 ரூபாயையும் கொடுத்து, "2,500 ரூபாயை ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன்" என்று பில்லிலோ வாட்ஸ்அப்பிலோ எழுதிவிட்டு லேப்டாப்பை வாங்கி வந்துவிடுங்கள். அந்த 2,500 ரூபாயைப் பிறகு கேட்கலாம்.

கடிதம் அனுப்பி, பணத்தோடு நேரில் போயும் லேப்டாப் வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே மனு போடலாம், வக்கீல் கட்டாயமில்லை, இந்த அளவு தொகைக்கு மனுக் கட்டணமும் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். மனுவில் முதலில் லேப்டாப்பையே கேளுங்கள், "தர இயலாவிட்டால் அதன் மதிப்பு" என்று மாற்றாகச் சேருங்கள், அலைச்சலுக்கு இழப்பீட்டைத் தனியாகக் கேளுங்கள்.

மதிப்பில்தான் பலர் தவறுகிறார்கள். 48,000 ரூபாய்க்கு வாங்கிய பில்லை நீட்டினால் அந்தத் தொகை கிடைக்காது. அவர் மறுத்த சமயத்தில் அதே மாடல், அதே வயதுள்ள லேப்டாப் என்ன விலை போகும் என்பதே கணக்கு. செகண்ட் ஹேண்ட் விலை 20,000 என்றால், நீங்கள் இன்னும் தராத 4,000 ரூபாயைக் கழித்து 16,000 கேட்பதே நியாயம். பழைய லேப்டாப் விற்கும் இரண்டு கடைகளில் விலையை எழுதி வாங்கி மனுவோடு சேருங்கள்.

நண்பருக்கு இரவல் கொடுத்த பொருள் என்றால் ஆணையம் எடுக்காது, ஏனென்றால் அங்கே கூலிக்குச் செய்த சேவை இல்லை. அதற்கு உரிமையியல் நீதிமன்றம்தான். எழுதிக் கேட்டு, அவர் மறுத்த நாளை ஆதாரத்தோடு வைத்துக்கொள்ளுங்கள். மூன்று ஆண்டுக் காலவரம்பைக் கணக்கிட அது உதவும்.

போலீஸுக்குப் போகலாமா என்று பலர் கேட்கிறார்கள். கூலித் தகராறு என்ற அளவில் இருக்கும்வரை, "கோர்ட்டுக்குப் போங்கள்" என்றுதான் ஸ்டேஷனில் சொல்வார்கள். ஆனால் லேப்டாப்பை விற்றுவிட்டார், அல்லது "நீங்கள் கொடுக்கவே இல்லை" என்கிறார் என்றால் அது பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 316இன் கீழ் நம்பிக்கை மோசடி ஆகலாம். கூலி வராவிட்டாலும் வைத்திருக்கத்தான் அவருக்கு உரிமை, விற்க இல்லை. "30 நாளுக்கு மேல் பொறுப்பல்ல" என்று சீட்டில் அச்சடித்திருப்பது பொருளை அவருக்குச் சொந்தமாக்காது. அப்படி நடந்திருந்தால் கடைச் சீட்டு, வாட்ஸ்அப் உரையாடலின் நகலோடு புகார் கொடுத்து, சி.எஸ்.ஆர். ரசீது கேட்டு வாங்குங்கள்.