படம் பார்த்து பத்துக்குப் பத்து, நோட்டில் மட்டும் ‘மளை’

“ஐயா, நாங்கள் தண்டையார்பேட்டை. என் மகள் ஆறாவது படிக்கிறாள். போனில் வரும் ‘எது சரி?’ படப் புதிர்களில் பத்துக்குப் பத்து வாங்குகிறாள். நோட்டில் மட்டும் ‘மளை பெய்தது’, ‘விழையாடினேன்’ என்று எழுதுகிறாள். பக்கத்து டியூஷன் சென்டரில் படப் புதிர் வழியாகவே இருபது நாளில் சரிசெய்வோம் என்று 4,500 ரூபாய் கேட்கிறார்கள். சேர்க்கலாமா?”

சேர்க்க வேண்டாம். உங்கள் மகளுக்கு எழுத்து தெரியாமல் இல்லை. புதிர் கேட்கிற கேள்வி வேறு, நோட்டு கேட்கிற கேள்வி வேறு.

படத்தின் கீழே ‘மழை’, ‘மளை’ என்று இரண்டையும் போட்டால், பிள்ளை எழுத்தைப் பற்றி யோசிப்பதே இல்லை. எங்கேயோ பார்த்த உருவம் எது என்று மட்டும் பார்த்துவிட்டுத் தொடும். ‘மழை’யைப் பாடப்புத்தகத்தில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறாள், அதனால் கண் கண்டுபிடித்துவிடும். நோட்டில் எழுதும்போது அப்படிப் பார்த்துப் பொறுக்க எதிரில் ஒன்றும் கிடையாது. காதில் விழுகிற ஒலியைக் கை எழுத்தாக்க வேண்டும். அவள் காதில் ழவும் ளவும் ஒன்றுதான். போதாததற்கு, அந்தப் புதிர் ‘மளை’யையும் பெரிய எழுத்தில் கலர் போட்டு ஐம்பது தடவை காட்டியிருக்கிறது. தப்பான உருவமும் கண்ணுக்குப் பழகிவிடும். இரண்டும் பழகிய பிறகு கை எதை வேண்டுமானாலும் எழுதும்.

ஆறாம் வகுப்பில் மயங்கொலிகள் என்று ஒரு பாடமே வரும். ண, ன, ந, ல, ள, ழ, ர, ற என்று எட்டு எழுத்துகள். நீங்கள் எட்டையும் தொட வேண்டாம். நீங்கள் எழுதியிருக்கிற இரண்டு பிழைகளும் ள, ழ பிழைகள்தான். அதை மட்டும் பார்ப்போம்.

நம் பக்கத்துப் பேச்சை வைத்தே இதில் பாதியைத் தீர்க்கலாம். ராயபுரத்தில் முப்பது வருஷம் தமிழ் வாத்தியாராக இருந்தவன் நான். வடசென்னைப் பேச்சைக் கேட்டு முகம் சுளிக்கிறவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். ஆனால் எழுத்துப்பிழைக்கு அதைப்போல உதவுகிற கருவி எனக்குக் கிடைத்ததில்லை. உங்கள் வீட்டு ஆயா வாழைப்பழத்தை எப்படிச் சொல்வார்? ‘வாயப்பயம்’. மழை? ‘மய’. கோழி? ‘கோயி’. ழ இருக்கிற இடத்தில்தான் ய வருகிறது. ள அப்படி ய ஆவதில்லை. காசிமேட்டில் வாளை மீன் வாங்குகிற யாரும் ‘வாய மீன்’ என்று கேட்க மாட்டார்கள். விளக்கு ‘வெளக்கு’தான், ‘வெயக்கு’ ஆகாது. விளையாடு ‘வெளாடு’ ஆகும், ‘வெயாடு’ ஆகாது. ஆக, மகளுக்குச் சந்தேகம் வந்தால் அவள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: இதை ஆயா ய போட்டுச் சொல்லுமா? சொன்னால் சிறப்பு ழ.

இதை ஒரு பக்கமாகத்தான் நம்பலாம். ய வந்தால் ழ என்பது உறுதி. ய வரவில்லை என்பதால் அது ள ஆகிவிடாது. ‘தமிழ்’ என்ற சொல்லையே பலர் ய போட்டுச் சொல்வதில்லை. வெளியூரிலிருந்து வந்து குடியேறிய வீடுகளில் இந்தச் சோதனை நடக்கவும் நடக்காது. அப்புறம், ஒரு வாரம் கழித்து சில பிள்ளைகள் ‘கோயில்’ என்பதையே ‘கோழில்’ என்று எழுதும். பயப்படாதீர்கள், விதியை அளவுக்கு மீறிப் பிடித்துக்கொண்டதன் அடையாளம் அது. ‘கோயிலை நாம் எல்லோருமே கோயில் என்றுதான் சொல்கிறோம், அதில் சந்தேகமே இல்லையே’ என்று சொல்லுங்கள், போதும்.

ஆயா சோதனை பிடிக்காத சொற்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது. வினைச்சொல் ல், ள், ழ் என்று முடிந்தால், நேற்று நடந்ததாக மாற்றிச் சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள். நில், நின்றான். கொல், கொன்றான். ன் வந்தால் சின்ன ல. ஆள், ஆண்டான். உருள், உருண்டான். ண் வந்தால் பெரிய ள. வாழ், வாழ்ந்தான். கவிழ், கவிழ்ந்தது. எழுத்து மாறாமல் அப்படியே நின்றால் ழ. பெயர்ச்சொல்லானால் பின்னால் இன்னொரு சொல்லை ஒட்டிப் பார்க்கலாம்: பல், பற்பொடி, நாள், நாட்காட்டி, தமிழ், தமிழ்ப்பாடம். ல் ற் ஆகும், ள் ட் ஆகும், ழ் அசையாது. ‘கொன்றான்’, ‘கொண்டான்’ இரண்டும் எந்தப் பிள்ளைக்கும் வேறு வேறாகத்தான் கேட்கும். காதால் பிரிக்க முடியாத ல், ள் இரண்டும் இங்கே தாமாகப் பிரிந்துவிடுகின்றன. இன்னொன்று, ழ தன்னோடு தான் சேர்ந்து இரட்டிக்காது. பள்ளம், வெள்ளம் என்று அழுத்திக் கேட்டால் அங்கே ழவுக்கு வேலையே இல்லை.

சரி, படப் புதிரை என்ன செய்வது? தூக்கிப் போட வேண்டாம், படம் நல்லதுதான். கீழே இருக்கிற விடைகளைக் கட்டைவிரலால் மறைத்துவிட்டு, படத்தைப் பார்த்துத் தாளில் எழுதச் சொல்லுங்கள். ஒரு நாளைக்கு ஐந்து படம் போதும். எழுதி முடித்ததும் விரலை எடுக்காமல், ஏன் அந்த எழுத்து என்று கேளுங்கள். உதாரணத்துக்கு, மீன் படம் வருகிறது, மகள் ‘வாழை’ என்று எழுதுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். தப்பு என்று சொல்லாதீர்கள். ‘ஆயா வாய மீன் என்று சொல்லுமா?’ என்று கேளுங்கள். சிரிப்பாள். அடித்துவிட்டு ‘வாளை’ என்று அவளே எழுதட்டும். அதற்குப் பிறகு விரலை எடுங்கள். அடித்த சொல்லைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுக் காட்டவும் வேண்டாம். அதன்மேல் பேனாவால் நன்றாகக் கிறுக்கிவிடுங்கள், திரும்பக் கண்ணில் படக் கூடாது. மூன்றாம் நாள் அதே படத்தை நடுவில் ஒருமுறை செருகுங்கள். அப்போது யோசிக்காமல் எழுதினால் அந்தச் சொல் கைக்கு வந்துவிட்டது.

அவள் எழுதிய ‘விழையாடினேன்’ பற்றி ஒரு வார்த்தை. ‘விழை’ என்றால் விரும்பு. அது இருக்கிற சொல்தான், அதனால் கண்ணுக்கு உறுத்தாது. இந்த மாதிரிச் சொற்களைத் தனியாகக் கற்றுத்தராமல் குடும்பத்தோடு எழுத வையுங்கள். விளை, விளைச்சல், விளைவு, விளையாட்டு ஒரு வரியில். அழை, அழைப்பு, அழைப்பிதழ் அடுத்த வரியில்.

இப்போது அந்த சென்டர். இதில் நடக்கிற ஒரு தந்திரம் உங்களுக்குத் தெரிய வேண்டும். முதல் நாள் சொல்வதை எழுதச் சொல்லி டிக்டேஷன் வைப்பார்கள். பிள்ளை இருபதுக்கு எட்டு வாங்கும், உங்களுக்கு வயிறு கலங்கும். இருபதாம் நாள் படப் புதிர் வைப்பார்கள். இருபதுக்குப் பத்தொன்பது வாங்கும், சான்றிதழும் கொடுப்பார்கள். இடையில் ஒன்றும் நடந்திருக்காது. உங்கள் மகளுக்கு முதல் நாளே படப் புதிர் வைத்திருந்தால் அன்றைக்கே பத்தொன்பதுதான். கடைசி நாளும் டிக்டேஷனே வைப்பீர்களா, முதல் நாள் கொடுத்த சொற்களையே கொடுப்பீர்களா என்று கேட்டுப் பாருங்கள். பேச்சு உடனே தவணைக்குத் தாவும். பள்ளி வாசலில் நோட்டீஸ் கொடுக்கிற ஆள், அவர் ஆசிரியரே ஆனாலும், தலைக்கு இவ்வளவு என்று வாங்குகிறாரா என்பதையும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

பள்ளிக்கூடமும் யோக்கியம் என்று சொல்ல மாட்டேன். நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் ஏஜெண்ட் ஒருவர் மூலம் படச் சார்ட்டுகள் வந்து இறங்கின. ஒன்றில் காசுப் படத்தின் கீழே ‘சில்லரை’ என்று இருந்தது. சில்லறை என்று பெரிய ற வர வேண்டும். போய்ச் சொன்னேன். ‘ஸ்டாக் ரிஜிஸ்டரில் ஏற்றியாச்சு சார், கழட்ட முடியாது’ என்றார்கள். அந்த வருஷம் முழுக்க அது சுவரில் தொங்கியது. அதே பிள்ளைகள் பரீட்சையில் ‘சில்லரை’ என்று எழுதியபோது நானே சிவப்பு மையில் சுழித்தேன். பரீட்சைத்தாளும் இப்போது ‘சரியான சொல்லைத் தேர்ந்தெடு’ என்று பொறுக்கும் வேலையையே கொடுக்கிறது. டிக்டேஷன் வைத்தால் திருத்த நேரம் ஆகும், அதனால் யாரும் வைப்பதில்லை.

ஒரு சொல்லில் மட்டும் புதிரை நம்பி மகளைத் திட்டிவிடாதீர்கள். கறுப்பா, கருப்பா? இந்தப் புதிர் இல்லாத போன் இல்லை. ஒருவர் இதைத் தப்பு என்பார், இன்னொருவர் அதைத் தப்பு என்பார். தொல்காப்பியத்திலேயே ‘கறுப்பும் சிவப்பும் வெகுளிப் பொருள’ என்று வருகிறது. கோபத்தைச் சொல்லும் இடத்திலும் பெரிய ற தான். கறு என்ற வினையிலிருந்து கறுத்தது, கறுப்பு வந்தன. இன்னொரு பக்கம் கருமை, கரிய, கருங்கல், கருவிழி என்று சின்ன ர போட்டு ஒரு பெரிய கூட்டம் இருக்கிறது. அந்தக் கூட்டத்தைப் பார்த்து நிறத்தையும் கருப்பு என்று எழுதும் வழக்கம் வேரூன்றிவிட்டது. பத்திரிகைகளில் இரண்டும் வருகின்றன. வினையில் மட்டும் ‘முகம் கறுத்தது’ என்று பெரிய ற போட வையுங்கள், அங்கே சந்தேகமில்லை. நிறத்துக்கு அவளுடைய பாடப்புத்தகத்தில் எப்படி இருக்கிறதோ அப்படியே எழுதட்டும். அது ஒன்றுதான் சரி என்பதால் இதைச் சொல்லவில்லை. திருத்துகிறவர் கையில் இருப்பது விடைக்குறிப்பு, அதற்கு வெளியே யோசிக்க அவருக்கு நேரமும் இல்லை, அனுமதியும் இல்லை.

நான்கு வாரம் இப்படிச் செய்யுங்கள். நான்காவது ஞாயிற்றுக்கிழமை அவளுடைய பழைய நோட்டிலிருந்து அவள் தப்பாக எழுதிய சொற்களில் இருபதை எடுத்து, வாக்கியத்தில் வைத்து, நீங்களே வாயால் சொல்லுங்கள். படம் வேண்டாம். நீங்கள் ‘பயம்’ என்றே சொன்னாலும் பரவாயில்லை. சாப்பிடுகிற பயமா, இருட்டைப் பார்த்து வருகிற பயமா என்று அவள் திரும்பக் கேட்டுவிட்டு எழுதினாள் என்றால், அந்த 4,500 ரூபாய் உங்கள் கையிலேயே இருக்கட்டும்.