ஒரே அல்சர், அப்பாவுக்கு மட்டும் ஏன் இவ்வளவு ரத்தம்?

கேள்வி: அப்பாவுக்கு 58 வயசு டாக்டர், குடியாத்தத்தில் லுங்கி தறி ஓட்டுகிறார். முதுகுவலிக்கு மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்வார், வயிறு வலிக்குது என்று ஒரு நாளும் சொன்னதில்லை. போன மாசம் இரண்டு நாள் கறுப்பாக வெளிக்குப் போனது, மூன்றாம் நாள் ரத்த வாந்தி. வேலூருக்குக் கொண்டுபோய் நான்கு யூனிட் ரத்தம் ஏற்றினோம். எண்டோஸ்கோப்பியில் டியோடினத்தின், அதாவது சிறுகுடல் தொடங்கும் இடத்தின், பின்சுவரில் ஒன்றரை சென்டிமீட்டர் புண். சித்தப்பாவுக்கும் அல்சர்தான், பத்து வருஷமாக வெறும் எரிச்சல். இது எப்படி?

பதில்: உங்கள் கேள்வியிலேயே விடை இருக்கிறது, ‘பின்சுவர்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான். புண்ணின் அளவுக்கும் பங்கு உண்டு, இரண்டு சென்டிமீட்டரைத் தாண்டினால் ஆபத்து கூடும். ஆனால் நான் ரிப்போர்ட்டில் முதலில் தேடுவது புண் எங்கே இருக்கிறது என்பதை.

இதயத்திலிருந்து இறங்கும் பெரிய ரத்தக்குழாய் மார்பைத் தாண்டி வயிற்றுக்குள் வந்ததும் முன்பக்கமாகக் கட்டையாக ஒரு கிளை விடுகிறது. ஒன்றிரண்டு சென்டிமீட்டர் போனதும் அது மூன்றாகப் பிரியும்: ஒன்று கல்லீரல் பக்கம், ஒன்று மண்ணீரல் பக்கம், மூன்றாவது இரைப்பையின் உள்வளைவை ஒட்டி இறங்கும். கல்லீரல் பக்கம் போகும் கிளையிலிருந்து ஒரு குழாய் பிரிந்து, டியோடினத்தின் முதல் பகுதிக்குப் பின்னால் முதுகோடு முதுகாக ஒட்டிக்கொண்டு கீழே இறங்குகிறது. கேஸ்ட்ரோடியோடினல் தமனி என்று பெயர். குடலின் உள்பக்கத்துக்கும் இந்தக் குழாய்க்கும் நடுவே சில மில்லிமீட்டர் சுவர்தான். அப்பாவின் புண் அந்தச் சுவரைத்தான் அரித்தது.

இதே புண் முன்சுவரில் வந்திருந்தால் கதை வேறு. அங்கே பெரிய குழாய் கிடையாது, ஆழமாகப் போனால் குடலில் ஓட்டை விழும், வயிறு பலகை மாதிரி இறுகித் தாங்கமுடியாத வலி வரும். (அதுவும் எமர்ஜென்சிதான், சந்தோஷப்பட ஒன்றுமில்லை.) இரைப்பைக்குள் என்றால் உள்வளைவின் மேல்பகுதியில் வரும் புண்ணைக் கண்டு பயப்படுவோம், மேலே சொன்ன மூன்றாவது கிளை அங்கேதான் ஓடுகிறது. சித்தப்பாவின் புண் எங்கே என்று நீங்கள் எழுதவில்லை, பெரிய குழாய் பக்கத்தில் இல்லாத இடமாக இருக்கலாம்.

சரி, ஓட்டை விழுந்தால் தானாக ஏன் அடைபடவில்லை? தறியில் பாவு நூல் அறுந்தால் இரண்டு முனையும் வெடுக்கென்று பின்னுக்குப் போகும், பார்த்திருப்பீர்கள். முழுசாக அறுபட்ட ரத்தக்குழாயும் அப்படித்தான் உள்ளே சுருங்கி வாயை மூடிக்கொள்ளும். புண் அரிக்கும்போது குழாய் அறுபடுவதில்லை, பக்கவாட்டில் ஓட்டைதான் விழுகிறது. பழைய புண்ணின் தழும்பில் குழாய் பசை போட்ட மாதிரி ஒட்டியிருப்பதால் அதால் சுருங்கவும் முடியாது. கொஞ்சம் ரத்தம் உறைந்தாலும் அமிலம் அதைக் கரைத்துவிடும். எண்டோஸ்கோப்பியில் ஊசி போட்டு கிளிப் வைத்த பிறகும் அமிலம் குறைக்கும் மருந்தை மூன்று நாள் நரம்பு வழியாகக் கொடுப்பது இதற்காகத்தான், மறுபடி ரத்தம் வருவதும் பெரும்பாலும் அந்த மூன்று நாளுக்குள்தான்.

இன்னொரு தொல்லை, அந்தக் குழாய்க்கு இரண்டு பக்கமும் வரத்து உண்டு. இரண்டு ஏரிக்கு நடுவே ஓடும் கால்வாய் மாதிரி. மேலே அடைத்தால் கீழே குடலுக்குப் போகும் பெரிய தமனியிலிருந்து கணையத்தைச் சுற்றி ரத்தம் எதிர்த்திசையில் வந்து சேரும். அதனால் கிளிப் கைகொடுக்காமல் ஆபரேஷன் வரை போனால் மேலே ஒரு தையல், கீழே ஒரு தையல், உள்பக்கம் கணையத்தை நோக்கி மூன்றாவதாக ஒன்று. அந்த மூன்றாவதை விட்டால் ராத்திரி மறுபடி தியேட்டருக்கு ஓட வேண்டியதுதான்.

வலி தெரியாததில் ஆச்சரியமில்லை, புண்ணை உண்டாக்கிய மாத்திரையே வலியையும் மறைத்துவிட்டிருக்கும். அந்த இரண்டு நாள் கறுப்பு மலம்தான் எச்சரிக்கை. தார் மாதிரி ஒட்டும், தனி நாற்றம் இருக்கும். இரும்புச்சத்து மாத்திரையாலும் கறுக்கும், ஆனால் அப்படி ஒட்டாது, அந்த நாற்றமும் இருக்காது. அன்றைக்கே ஹீமோகுளோபின் பார்த்து ‘12 இருக்கு, பரவாயில்லை’ என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ரத்தம் செல்லும் நீருமாகச் சேர்ந்தே வெளியேறுவதால் உள்ளே மிச்சமிருக்கும் ரத்தத்தின் அடர்த்தி உடனே மாறாது, எண் இறங்கச் சில மணி நேரமாகும். அதற்கு முன்பே நாடித்துடிப்பு நூறைத் தாண்டியிருக்கும், எழுந்து நின்றால் தலை சுற்றும்.

அப்பாவுக்கு அல்சரை உண்டாக்கும் ஹெச்.பைலோரி கிருமி இருக்கிறதா என்று டெஸ்ட் எடுத்து ‘இல்லை’ என்று வந்திருந்தால் சில வாரம் கழித்து மறுபடி எடுக்கச் சொல்லுங்கள், ரத்தப்போக்கு நேரத்தில் அது தப்பாக வருவதுண்டு. முதுகுவலிக்கு இனி பாராசிட்டமால் மட்டும். இதயத்துக்கு ஆஸ்பிரின் சாப்பிடுகிறாரா என்று நீங்கள் எழுதவில்லை, சாப்பிட்டால் நீங்களாக நிறுத்தாமல் டிஸ்சார்ஜ் சீட்டோடு இதய டாக்டரை இந்த வாரமே பாருங்கள்.