உறைக்குள் எழுதும் தொகை

கேள்வி: குடும்ப ரப்பர் விளையை அண்ணன் வைத்துக்கொண்டு என் பங்குக்குப் பணம் தருகிறார். ஆளுக்கொரு விலை எழுதிக் கொடுப்போம், நடுவர் இரண்டில் ஒன்றை மட்டும் எடுப்பார் என்று பேச்சு. நான் கொஞ்சம் கூட்டி எழுதலாமா?

கூட்டி எழுதலாம். ஆனால் நடுவர் மனத்தில் எந்த விலை இருக்கும் என்ற உங்கள் கணிப்பை அளவாக வைத்துக்கொண்டுதான் கூட்ட வேண்டும்.

திருவட்டாறு பக்கத்தில் 30 சென்ட் ரப்பர் விளைக்காக என் பெரியப்பா மகன்கள் இருவரும் இதே முறையில் என்னை நடுவராக உட்கார வைத்தார்கள். அண்ணன் ஊரில் இருந்து பால் வெட்டி வந்தவர். தம்பி வளைகுடாவில் வேலை செய்பவர். தம்பியின் 15 சென்டுக்கு அண்ணன் பணம் தர வேண்டும். அக்கம்பக்கத்தில் அண்மையில் கைமாறிய விலை, வண்டி வரும் பாதை, மரங்களில் இன்னும் எத்தனை ஆண்டு பால் கிடைக்கும் என்பதையெல்லாம் பார்த்து, சென்டுக்கு 52,000 ரூபாய் நியாயம் என்று நான் உறைகளைத் திறப்பதற்கு முன்பே முடிவு செய்திருந்தேன். அண்ணன் 45,000 என்று எழுதியிருந்தார், தம்பி 65,000 என்று எழுதியிருந்தார்.

52,000-க்கு 45,000 ஏழாயிரம் தள்ளி நிற்கிறது, 65,000 பதின்மூன்றாயிரம் தள்ளி நிற்கிறது. எனவே அண்ணனின் தொகையைத்தான் என்னால் எடுக்க முடிந்தது. தம்பி முதலில் 58,000 எழுத நினைத்ததாகவும், கூட வேலை செய்பவர் ஒருவர் சொன்னதால் ஏற்றியதாகவும் பின்னர் சொன்னார். அவர் 58,000-த்தையே எழுதியிருந்தால் வித்தியாசம் ஆறாயிரம்தான். அவருடைய தொகையை எடுத்திருப்பேன். 15 சென்டுக்கு அவர் இழந்தது 1,95,000 ரூபாய். கையெழுத்துப் போடும்போது அவர் முகத்தைப் பார்த்த எனக்கு இன்றும் வருத்தம்தான். ஆனால் இடைப்பட்ட விலை ஒன்றை நானாகச் சொல்லியிருந்தால் அது ஒப்புக்கொண்ட முறைக்குத் துரோகம் ஆகியிருக்கும்.

வழக்கமான மத்தியஸ்தத்தில் நடுவர் பாதிக்குப் பாதி வெட்டுவார் என்று தெரிந்தே இரு தரப்பும் மிகைப்படுத்திக் கேட்பார்கள். அதைத் தடுக்கவே கார்ல் ஸ்டீவன்ஸ் என்ற அமெரிக்கப் பொருளியலாளர் 1966-இல் இந்த முறையை முன்வைத்தார்; 1974 முதல் அங்கே பேஸ்பால் வீரர்களின் சம்பளத் தகராறுகள் இப்படித்தான் தீர்க்கப்படுகின்றன. இதனால் இரு தொகைகளும் தாமாக ஒட்டி வந்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். அது சரியல்ல. நடுவரின் மனம் எவ்வளவு தெரியாமல் இருக்கிறதோ, அவ்வளவு அகன்றே தொகைகள் நிற்கும்.

தம்பியின் நிலையில் இருந்தே பார்ப்போம். நடுவரின் விலை 45,000 முதல் 60,000 வரை எங்கு வேண்டுமானாலும் ஒரே அளவு வாய்ப்போடு இருக்கலாம் என்றும், அண்ணன் 45,000 எழுதுவார் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். இரு தொகைகளின் நடுப்புள்ளிக்கு மேலே நடுவரின் விலை இருந்தால் நீங்கள் வெல்வீர்கள். 65,000 எழுதினால் நடுப்புள்ளி 55,000, வெல்லும் வாய்ப்பு மூன்றில் ஒன்று, சராசரியாகக் கிடைப்பது ஏறத்தாழ 51,670. 60,000 எழுதினால் வாய்ப்பு பாதி, சராசரி 52,500; இதற்கு மேல் ஏற்றினால் சராசரி குறையத் தொடங்குகிறது. 58,000 எழுதினால் வாய்ப்பு நூற்றுக்கு 57, சராசரி 52,370 அளவில் நிற்கிறது. அதாவது இரண்டாயிரம் இறங்கியதற்குச் சராசரியில் நீங்கள் கொடுக்கும் விலை சென்டுக்கு 130 ரூபாய் மட்டுமே. தோற்றால் தாங்க முடியாதவர் இந்த இறக்கத்தைத் தாராளமாகச் செய்யலாம். அப்படி இறங்கியவர் அடிக்கடி வெல்வதைப் பார்த்து நடுவர் ஒருதலைப்பட்சம் என்று சொல்லிவிடவும் முடியாது.

எனவே எழுதுவதற்கு முன், எதை வைத்து விலையைப் பார்ப்பீர்கள் என்று அண்ணனும் இருக்கும்போதே நடுவரிடம் கேட்டுவிடுங்கள். பதிவான கிரயங்களை வைத்துப் பார்ப்பேன் என்று அவர் சொன்னால், உங்கள் விளையின் பாதைக்கும் மரத்தின் வயதுக்கும் ஒத்த இரண்டு மூன்று கிரயங்களைத் தேடுங்கள்; அரசு வழிகாட்டி மதிப்பும் உண்மையில் கைமாறும் விலையும் வேறு வேறாக இருப்பதையும் கவனியுங்கள். நடுவரின் அளவுகோல் தெளிவாகத் தெரிந்துவிட்டால், பல சமயம் உறையைத் திறக்காமலேயே இருவருக்கும் விலை படிந்துவிடும்.

உறைகள் ஒரே நேரத்தில் கொடுக்கப்பட வேண்டும். உங்கள் தொகையை முன்கூட்டியே பார்த்துவிட்டவர் அதற்கேற்பத் தம்முடையதை அமைத்துக்கொள்வார். இன்னொன்று, கிணற்றில் தண்ணீர் எடுக்கும் உரிமையும் நடைபாதையும் உங்கள் தகராறில் இருந்தால், அவற்றை விலையோடு ஒரே உறையில் வைக்காதீர்கள். நியாயமான விலைக்குப் பின்னால் ஏற்க முடியாத ஒரு நிபந்தனை ஒளிந்து வந்தால், அதை மட்டும் நீக்கும் அதிகாரம் நடுவருக்கு இல்லை. அவற்றை முதலில் பேசி எழுதிவிட்டு, சென்டின் விலையை மட்டும் உறைக்கு விடுங்கள்.